முத்திரை அட்டைக்கு விளக்கப் பதிவு எழுதுவது எப்படி? சிறு கடை நடத்துவோருக்கு

பிரிக்ஃபீல்ட்ஸில் சித்தப்பா நடத்தும் பலகாரக் கடையில் முத்திரை அட்டை தொடங்கலாம் என்று முடிவானதும், அட்டையை அச்சடிக்கிற வேலை சுலபமாக முடிந்துவிட்டது. முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் படத்துக்குக் கீழே போட வேண்டிய அந்தப் பத்து வரி விளக்கம்தான் பாடாய்ப் படுத்தியது. ஒரு வரி எழுதினால் அதிலிருந்து மூன்று கேள்வி முளைக்கும். அந்தக் கேள்விகளை எழுதும்போதே தீர்த்துவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் காலை எட்டரை மணிக்குக் கல்லாவுக்கு முன்னால் வரிசை நிற்கும்போதுதான் தீர்க்க வேண்டி வரும்.

வாடிக்கையாளர் காசு கட்டும்போது காகித அட்டையில் சாப் அடித்து, அட்டை நிறைந்ததும் பரிசு கொடுக்கும் முறையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். கைப்பேசிச் செயலி வழி புள்ளி சேர்க்கும் முறை வேறு கணக்கு.

1. பரிசின் விலையை முதலில் கணக்குப் போடுங்கள்

பலரும் "எத்தனை முத்திரை வைக்கலாம்" என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். பரிசிலிருந்து தொடங்கினால் கணக்கு கைக்குள் நிற்கும்.

எங்கள் கடையில் மசாலா தோசை 7 வெள்ளி, தே தாரிக் 2.50. இரண்டும் சேர்ந்து 9.50. மாவு, உருளைக்கிழங்கு, எண்ணெய், பால், சீனி, எரிவாயு எல்லாம் பார்த்தால் இதைச் செய்து கொடுக்க ஏறக்குறைய 3.80 ஆகிறது. ஒரு முத்திரைக்குக் குறைந்தது 10 வெள்ளி பில், பரிசுக்கு எட்டு முத்திரை என்று வைத்தோம். அப்படியானால் ஒருவர் குறைந்தது 80 வெள்ளி கட்டிய பிறகுதான் பரிசு போகும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது 80க்கு 9.50, அதாவது ஏறக்குறைய 12 விழுக்காடு. நம் கையை விட்டுப் போவது 80க்கு 3.80, ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே. உண்மையில் பில் துல்லியமாகப் பத்தில் நிற்பதில்லை, 12, 13 என்று வரும். ஆகவே செலவு இன்னும் கொஞ்சம் குறையும்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தினமும் அதே மசாலா தோசையைக் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் இலவசமாக வாங்கினால், நமக்கு நட்டம் 3.80 இல்லை, முழு 9.50. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படிப்பட்டவர்கள் என்றால், அவர்கள் வழக்கமாக வாங்காத ஒன்றைப் பரிசாக வையுங்கள். காலையில் வடையும் தேவும் மட்டும் வாங்கிப் போகிறவருக்குத் தோசை நல்ல பரிசு.

பரிசு சைவமாக இருக்கட்டும், அல்லது சைவத் தேர்வு ஒன்று இருக்கட்டும். கோழிப் பிரியாணி என்று போட்டுவிட்டால் புரட்டாசியில் ஒரு மாதம் அட்டைகள் பணப்பைக்குள்ளேயே கிடக்கும். ஐப்பசி பிறந்ததும் எல்லாரும் ஒரே வாரத்தில் கொண்டு வந்து நீட்டுவார்கள்.

2. எதற்கு ஒரு முத்திரை என்பதை வெள்ளியில் சொல்லுங்கள்

"ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு முத்திரை" என்று எழுதினால், 1.50க்கு ஒரு வடை வாங்கிவிட்டு அட்டையை நீட்டுவார்கள். அதைத் தப்பென்று சொல்ல முடியாது, நாம் எழுதியது அப்படி. "ஒவ்வொரு தே தாரிக்குக்கும் ஒன்று" என்பது கோப்பிக் கடைக்குச் சரி. பலவகை உணவு விற்கிற கடைக்குப் பில் தொகைதான் ஒத்துவரும்.

தொகை வைத்ததும் அடுத்த கேள்வி: 24 வெள்ளி பில்லுக்கு ஒன்றா, இரண்டா? இரண்டு என்று வைத்தோம். ஒன்றுதான் என்று வைத்தால் ஆட்கள் பில்லைப் பிரித்துப் போடச் சொல்வார்கள், கல்லாவில் இருப்பவருக்கு இரட்டை வேலை. அப்புறம் உச்சவரம்பு. பக்கத்து அலுவலகத்திலிருந்து ஆறு பேர் வந்து 72 வெள்ளிக்குச் சாப்பிட்டு ஒருவர் அட்டையை நீட்டினால், ஒரே நாளில் ஏழு முத்திரை போய்விடும். திரும்பத் திரும்ப வரவைப்பதுதானே அட்டையின் வேலை? எனவே ஒரு பில்லுக்கு அதிகம் மூன்று.

9.80 பில்லுக்கு என்ன செய்வது? கொடுக்காதீர்கள். "ஒரு வடை சேர்த்துக்குங்க அண்ணே, சாப் அடிச்சிடலாம்" என்று சொல்லுங்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் பின்னால் நிற்பவர் 9.20ஐக் காட்டுவார்.

இன்னும் இரண்டைப் பதிவில் கட்டாயம் சொல்ல வேண்டும். உணவு விநியோகச் செயலி வழி வரும் ஆர்டருக்கு முத்திரை உண்டா? அந்த நிறுவனங்கள் ஒவ்வோர் ஆர்டரிலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கின்றன. அதற்கு மேல் பரிசும் கொடுத்தால் கட்டுப்படியாகாது. இன்னொன்று, அட்டையை மறந்துவிட்டு வந்தவர் நேற்றைய பில்லை இன்று காட்டலாமா? முடியாது என்று நாங்கள் வைத்தோம். நீங்கள் முடியும் என்று வைக்கலாம். எதுவானாலும் எழுதிவிடுங்கள்.

சேவை வரி வசூலிக்கிற கடையாக இருந்தால் வரிக்கு முந்திய தொகையா, பிந்திய தொகையா என்றும் சொல்லுங்கள். உணவகத்தில் ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும்போதுதான் இந்த வரிக்குப் பதிய வேண்டும். பெரும்பாலான சிறு கடைகளுக்கு இந்தக் கவலை இல்லை.

3. பத்தாவதா, பதினொன்றாவதா?

சண்டை அதிகம் வருவது இந்த இடத்தில்தான். "10 முத்திரைக்கு 1 இலவசம்" என்று ஒரு கடைக்காரர் எழுதினார். பத்தாவது கட்டத்தில் பரிசுப் படம் போட்டிருந்தார். அதைப் பார்த்தவர்கள் ஒன்பது வாங்கினால் பத்தாவது இலவசம் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர் மனதில் இருந்தது பத்துக்குக் காசு கட்டி, பதினொன்றாவது இலவசம். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஒன்பதுக்கு ஒன்று என்றால் தள்ளுபடி 10 விழுக்காடு. பத்துக்கு ஒன்று என்றால் 9க்குச் சற்று மேல். காசை விட, "ஏமாத்துறீங்களா" என்ற பேச்சுதான் வலிக்கும்.

கடைசிக் கட்டத்தில் பரிசுப் படம் போடாதீர்கள். எல்லாக் கட்டமும் முத்திரைக்கு மட்டும் இருக்கட்டும். பரிசைக் கட்டங்களுக்கு வெளியே எழுதுங்கள். பதிவில் "நீங்கள் சேர்க்க வேண்டியது எட்டு" என்று காசு கட்டும் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

எட்டு என்றாலும் எங்கள் அட்டையில் பத்துக் கட்டங்கள். முதல் இரண்டை நாங்களே அடித்துத்தான் கொடுக்கிறோம். இது சும்மா அலங்காரம் இல்லை. அமெரிக்காவில் கார் கழுவும் நிலையம் ஒன்றில் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. அங்கே பாதிப்பேருக்கு எட்டு வெற்றுக் கட்டங்கள் உள்ள அட்டையும், மீதிப்பேருக்குப் பத்துக் கட்டங்களில் இரண்டு ஏற்கெனவே அடித்த அட்டையும் கொடுத்தார்கள். இரு தரப்பும் கட்ட வேண்டிய காசு ஒன்றேதான். வெற்று அட்டையை 19 விழுக்காட்டினர் முடித்தார்கள், இரண்டு அடித்த அட்டையை 34 விழுக்காட்டினர் முடித்தார்கள். முடிப்பவர் கூடினால் பரிசுச் செலவும் கூடும் என்பதை முதல் படியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. பரிசு வாங்கும் முறையை விரிவாக எழுதுங்கள்

முத்திரை சேர்ப்பது பற்றி எட்டு வரி எழுதுவார்கள், பரிசு வாங்குவது பற்றி "நிறைந்த அட்டையைக் காட்டிப் பெற்றுக்கொள்ளவும்" என்று ஒரே வரி. உண்மையில் மனத்தாங்கல் எல்லாம் இந்த இரண்டாம் பாதியில்தான் வருகிறது. பதிவு எழுதுமுன் இந்த ஐந்து கேள்விக்கும் விடை வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது முத்திரை விழுந்த அதே பில்லில் பரிசு கேட்கலாமா? அடுத்த முறை வரும்போது என்று வைத்தால் இன்னொரு வருகை உறுதி. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், கையில் நிறைந்த அட்டையோடு நிற்பவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியிருக்கும்.

அட்டையை எப்போது கொடுக்க வேண்டும்? ஆர்டர் சொல்வதற்கு முன். சாப்பிட்டு முடித்து, பில் வந்த பிறகு நீட்டினால், பதிவான பில்லைக் கல்லாவில் ரத்து செய்ய வேண்டும். மாலையில் கணக்குப் பார்க்கும்போது அது தனித் தலைவலி.

எந்த நேரத்தில் கிடைக்கும்? எங்கள் கடையில் மதியம் தோசைக் கல் போடுவதில்லை. 12 மணிக்கு வருபவருக்கு இலவசத் தோசை இல்லை என்று சொன்னால் அது மறுப்பாகத்தான் காதில் விழும். நேரத்தை எழுதுங்கள், மாற்றுப் பரிசு இருந்தால் அதையும்.

பரிசு வாங்கும் நாளில் கூடுதலாக வாங்கும் உணவுக்குப் புது அட்டையில் முத்திரை உண்டா? உண்டு என்று வையுங்கள். அவர் கையில் புது அட்டை அப்போதே ஏறிவிடும்.

இரண்டு பேருடைய பாதி அட்டைகளைச் சேர்த்து ஒரு பரிசு வாங்கலாமா? முடியாது என்று வைத்தோம். அதே வேளையில் நிறைந்த அட்டையை அப்பா மகளிடம் கொடுத்து அனுப்பலாம், தடையில்லை. அட்டையில் பெயர் எழுதுவதில்லை என்பதால் யார் கொண்டு வந்தாலும் செல்லும்.

பெயர், கைப்பேசி எண் வாங்காமல் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவற்றை வாங்கி வைத்தால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும், தகவலைப் பத்திரமாகவும் வைத்திருக்க வேண்டும். தோசைக்கு இவ்வளவு தேவையில்லை.

5. இரண்டு கடைசித் தேதி வையுங்கள்

"ஆறு மாதம் செல்லும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நாளிலிருந்து ஆறு மாதம்? முதல் முத்திரையிலிருந்தா, அட்டை வாங்கிய நாளிலிருந்தா? எல்லா அட்டைக்கும் பொதுவாக ஒரே தேதியை அச்சிட்டுவிடுங்கள்.

முத்திரை சேர்க்கக் கடைசி நாள் டிசம்பர் 31, பரிசு வாங்கக் கடைசி நாள் ஜனவரி 31 என்று தனித்தனியாக இருக்கட்டும். ஒரே தேதியாக வைத்தால், டிசம்பர் 31 மாலை எட்டாவது முத்திரை வாங்கியவர் பரிசு வாங்க நாளில்லாமல் நிற்பார்.

கால அளவை உங்கள் வாடிக்கையாளர் வரும் வேகத்தை வைத்து முடிவு செய்யுங்கள். வாரம் ஒரு முறை வருபவருக்கு எட்டு முத்திரை சேர இரண்டு மாதம் ஆகும். மாதம் இரு முறை குடும்பத்தோடு வருபவருக்கு, ஒரு பில்லுக்கு ஒன்று என்று பார்த்தால் நான்கு மாதம். ஆறு மாதம் இருவருக்கும் போதும். தீபாவளிக்குக் கடை அடைக்கும் நாட்களும் இதற்குள் அடங்கிவிடும்.

6. அட்டையும் மையும்

பெயர் அட்டை அளவு போதும். பணப்பையில் நுழையாத அட்டை வீட்டு மேசையிலேயே தங்கிவிடும். அச்சகத்தில் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம்: கட்டங்கள் இருக்கும் பக்கத்துக்குப் பளபளப்புப் பூச்சு வேண்டாம். பூச்சு மேல் ரப்பர் முத்திரையின் மை காயாது. விரல் பட்டால் இழுபடும், இரண்டு நாளில் கட்டமெல்லாம் நீலமாகிவிடும். முன்பக்கம் மட்டும் பூச்சு போடச் சொல்லுங்கள். ஒரு மாதிரி அட்டையை வாங்கி, சாப் அடித்து, பத்து வினாடி கழித்துக் கட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள். அழியவில்லை என்றால் ஆயிரத்துக்கு ஆர்டர் கொடுங்கள்.

முத்திரைக் கட்டையைத் தனியாகச் செய்து வாங்குங்கள். நட்சத்திரம், சிரித்த முகம் மாதிரி எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வடிவம் வேண்டாம், அதை யாரும் வாங்கி வீட்டில் அடிக்கலாம். அடித்ததன் மேல் பேனாவால் சிறு கையெழுத்து போட்டால் இன்னும் பத்திரம். ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் அச்சிடச் சொல்லுங்கள். எத்தனை அட்டை வெளியே இருக்கிறது என்று பின்னால் தெரிய வேண்டும்.

அட்டை, முத்திரைக் கட்டை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 150 வெள்ளிக்குள் முடிந்தது. வேலை நாளாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் அச்சகங்களில் வேலை குவிந்திருக்கும், அப்போது போகாதீர்கள்.

7. இப்போது பதிவை எழுதுங்கள்

மேலே உள்ளவை முடிவானால் எழுதுவது அரை மணி நேர வேலை. எங்கள் பதிவு இது. எடுத்து, உங்கள் விவரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

> 10 வெள்ளிக்கு ஒரு முத்திரை. எட்டு சேர்த்தால் மசாலா தோசையும் தே தாரிக்கும் இலவசம்!
>
> அட்டையைக் கவுண்டரில் கேட்டு வாங்குங்கள், கட்டணம் இல்லை. 10 கட்டங்களில் முதல் இரண்டை நாங்களே அடித்துத் தருகிறோம். நீங்கள் சேர்க்க வேண்டியது எட்டு.
>
> முத்திரை பெற: பணம் கட்டும்போது அட்டையைக் காட்டுங்கள். ஒரே பில்லில் ஒவ்வொரு 10 வெள்ளிக்கும் ஒன்று, ஒரு பில்லுக்கு அதிகம் மூன்று. கடையில் சாப்பிட்டாலும் பொட்டலம் வாங்கினாலும் உண்டு. விநியோகச் செயலி ஆர்டருக்கும் பழைய பில்லுக்கும் இல்லை.
>
> பரிசு வாங்க: நிறைந்த அட்டையை அடுத்த முறை வரும்போது, ஆர்டர் சொல்வதற்கு முன் கொடுங்கள். தோசை காலை 7 முதல் 11 வரை, மாலை 5 முதல் 10 வரை. மற்ற நேரத்தில் வந்தால் தோசைக்குப் பதில் இட்லி செட். யார் கொண்டு வந்தாலும் செல்லும். பணமாக மாற்ற முடியாது. இரண்டு அட்டைகளைச் சேர்க்க முடியாது. தொலைந்தால் முத்திரைகளை மாற்றித் தர இயலாது.
>
> முத்திரை சேர்க்கக் கடைசி நாள்: டிசம்பர் 31. பரிசு வாங்கக் கடைசி நாள்: ஜனவரி 31.

முதல் வரியில் எவ்வளவுக்கு, எத்தனை, என்ன கிடைக்கும் என்ற மூன்றும் வந்துவிடுவதைக் கவனியுங்கள். கைப்பேசியில் தொடக்க வரிகள்தான் தெரியும், மீதி மடங்கிக் கிடக்கும். "அன்பான வாடிக்கையாளர்களே, உங்கள் பேராதரவுக்கு நன்றி" என்று தொடங்கினால் அந்த இடம் நன்றிக்கே போய்விடும்.

"நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்ற வரியை வேண்டுமென்றே விட்டோம். நிபந்தனை எல்லாம் மேலேயே இருக்கிறது. இல்லாத ஒன்றைப் பிறகு அந்த வரியின் பெயரில் நுழைத்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

8. படத்திலும் மூன்று விஷயம் இருக்கட்டும்

பதிவை யாரும் அப்படியே பகிர்வதில்லை. படத்தை மட்டும் எடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் போடுவார்கள். விளக்கம் அங்கே போகாது. ஆகவே தொகை, பரிசு, கடைசித் தேதி இந்த மூன்றும் படத்திலேயே இருக்க வேண்டும்.

தமிழ்ப் பதிவுக்குக் கீழேயே மலாயிலும் போடுங்கள். மொழிபெயர்த்த பிறகு எண்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மொழியில் மூன்று, இன்னொன்றில் இரண்டு என்றிருந்தால் வாடிக்கையாளர் மூன்றைத்தான் பிடித்துக்கொள்வார், அது நியாயமும்கூட. இதே படத்தைப் பதாகையாகக் கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் கட்ட நினைத்தால் நில்லுங்கள். கடைக்கு வெளியே விளம்பரம் வைக்க மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும், அதில் மலாய் முதன்மையாக இருக்க வேண்டும்.

விதியை மாற்ற நேர்ந்தால் பழைய பதிவைச் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். யாராவது திரைப்பிடிப்பு வைத்திருப்பார்கள். புதிதாக ஒரு பதிவு போட்டு, எந்தத் தேதியிலிருந்து மாற்றம் என்று சொல்லுங்கள்.

9. கல்லாவில் இருப்பவருக்கு ஒரு தாள்

பதிவை நாம் படித்தோம், கல்லாவில் இருக்கும் தம்பி படித்திருக்க மாட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம். விதிகளை அவருக்குத் தெரிந்த மொழியில் அரைப் பக்கத்தில் எழுதிக் கல்லாவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். முத்திரைக் கட்டை இரவில் பெட்டிக்குள் பூட்டப்பட வேண்டும்.

பரிசு கொடுத்ததும் அட்டையை வாங்கி மூலையைக் கத்தரியுங்கள். வாடிக்கையாளர் நினைவுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாலும் கத்தரித்துத்தான் கொடுங்கள். பரிசை 0.00 என்று பில்லில் பதிவு செய்யுங்கள், அல்லது ஒரு நோட்டில் அட்டை எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். இல்லையென்றால் மாவும் பாலும் குறைவதற்குக் காரணம் தெரியாமல் சமையல்காரரைச் சந்தேகப்படுவீர்கள்.

10. நிறுத்துவதாக இருந்தால்

திட்டம் கையைக் கடிக்கிறது என்று தெரிந்தால் முதலில் புது அட்டை கொடுப்பதை நிறுத்துங்கள். ஏற்கெனவே வெளியே இருக்கும் அட்டைகளுக்கு, அச்சிட்ட தேதி வரை முத்திரையும் பரிசும் கொடுத்தாக வேண்டும். இலவசம் என்று அறிவித்துவிட்டுத் தரும் எண்ணமில்லாமல் இருப்பதை 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் பதிய ஆகும் கட்டணம் 5 ரிங்கிட்தான். அதாவது, கொடுக்க மறுத்த தோசையை விட மலிவு.

நிறுத்துமுன் நோட்டை எடுத்து, கொடுத்த அட்டைகளின் எண்ணிக்கையிலிருந்து திரும்பி வந்தவற்றைக் கழியுங்கள். 600 கொடுத்து 140 வந்திருந்தால் 460 வெளியே இருக்கின்றன. அத்தனையும் வரப்போவதில்லை. ஆனால் வந்தால் ஆகும் அதிகபட்சச் செலவு 460 தடவை 3.80, அதாவது 1,748 வெள்ளி. அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு அறிவிப்பைப் போடுங்கள். ஜனவரி 31 தாண்டிய பிறகு ஓரிருவர் நிறைந்த அட்டையோடு வருவார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று கல்லாவில் இருக்கும் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பதிவில் இதை எழுத வேண்டாம்.